கமிஷனைக் குறைக்கக் கேட்டு முன்பதிவுத் தளத்துக்கு மின்னஞ்சல்: சிறு விடுதி உரிமையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் விடுதி இருக்கிறது. மொத்தம் 14 அறைகள். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தங்குகிறார்கள். முகூர்த்த நாள்களில் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெரிய முன்பதிவுத் தளத்துக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த கமிஷன் 22 சதவீதம்.

அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதிய முதல் மின்னஞ்சல் மூன்று பக்கம். மின்கட்டணம் ஏறியது, சலவைக்காரர் கூலியை உயர்த்தியது, கொரோனாக் காலத்தில் பட்ட கடன் என எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். எல்லாமே உண்மைதான். இரண்டு வரியில் பதில் வந்தது: கமிஷன் நிறுவனக் கொள்கைப்படி நிர்ணயிக்கப்படுகிறது; முன்பதிவு பெருக எங்கள் தள்ளுபடித் திட்டத்தில் சேருங்கள். இரண்டாவதாக எழுதியது ஒரே பக்கம். அதற்குத்தான் பலன் கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கணக்குப் புரியவேண்டும் என்பதற்காக எண்களைத் தோராயமாக்கியிருக்கிறேன்.

முதல் வேலை: உண்மையில் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிப்பது

ஒப்பந்தத்தில் 22 என்று இருப்பதால் 22தான் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். தளத்தில் விடுதி உரிமையாளருக்கான பக்கத்தில் மாதக் கணக்கறிக்கை இருக்கும். கடைசி 12 மாதத்துக்கும் பதிவிறக்கி, விருந்தினர் உண்மையில் வந்து தங்கிய இரவுகளை மட்டும் எண்ணுங்கள். ஓர் அறை ஓர் இரவு விற்றால் அது ஓர் 'அறை இரவு'. எங்களுக்குப் பதிவானவை 1,150. ரத்தானவை போக, தங்கியவை 900. தள்ளுபடி கழித்து ஓர் இரவுக்குச் சராசரியாக 1,800 ரூபாய் விலை நின்றது.

இப்போது ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 1,800 ரூபாயில் 22 சதவீதம் 396 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து வருகிறது. அது 71 ரூபாய் 28 காசு. ஆக மொத்தம் 467 ரூபாய் 28 காசு. விலையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 26 சதவீதம்.

கமிஷனோடு வரும் இந்த ஜிஎஸ்டியைப் பலரும் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீத வரி இருந்தது. கமிஷனுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து அதில் கழித்துக்கொள்ளலாம்; அதனால் அந்த 71 ரூபாய் நம் கையைக் கடிக்கவில்லை. அன்றிலிருந்து வரி 5 சதவீதமாகக் குறைந்தது, விருந்தினருக்கு நல்லதுதான். ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. ஆகவே கமிஷனே மாறாவிட்டாலும் நம் செலவு 22லிருந்து ஏறக்குறைய 26 ஆகிவிட்டது. எங்கள் 900 இரவுக்கு இது ஆண்டுக்கு 64,152 ரூபாய். மின்னஞ்சலில் நீங்கள் வைக்கக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான். புலம்பலாக இல்லாமல், தேதியும் தொகையும் உள்ள ஒரு மாற்றமாக அது நிற்கிறது.

கணக்கறிக்கையில் இன்னும் இரண்டு சிறிய பிடித்தங்களைப் பார்ப்பீர்கள்: ஜிஎஸ்டிக்கான 0.5 சதவீதம், வருமான வரிக்கான 0.1 சதவீதம். இவை நம் பெயரில் வரவாகத் திரும்பும் தொகைகள். இவற்றையும் கமிஷனில் சேர்த்து 'எங்களுக்கு 27 சதவீதம் போகிறது' என்று எழுதினால், படிக்கிறவர் ஒரே நொடியில் தவறைக் கண்டுபிடிப்பார். அதன்பிறகு உங்கள் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

எழுத உட்காருவதற்கு முன்பு நம் வீட்டைச் சரிபார்ப்பதும் அவசியம். எங்கள் வரவேற்பில் இருந்த பையன், மே மாதம் திரையில் தோன்றிய ஓர் அறிவிப்பை விடுமுறைக்காலச் சலுகை என்று நினைத்து ஏற்றுக்கொண்டிருந்தான். தேடலில் எங்களை மேலே காட்டுவதற்காகக் கூடுதலாக 3 சதவீதம் கொடுக்கும் திட்டம் அது. ஆறு வாரம் ஓடியிருக்கிறது. அதை நிறுத்த யாருக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது. விடுதியில் பணம் கட்டுவதாகப் பதிவுசெய்துவிட்டு வராமல்போனவர்களையும் பாருங்கள். குறித்த கெடுவுக்குள் 'வரவில்லை' என்று தளத்தில் குறிக்காவிட்டால், வராத விருந்தினருக்கும் கமிஷன் விழும். இவற்றைக் களைந்த பிறகு மிஞ்சுவதைத்தான் அவர்களிடம் கேட்கவேண்டும்.

இரண்டாவது: என்ன கேட்பது, பதிலுக்கு என்ன கொடுப்பது

நான் கேட்க முடிவுசெய்தது 22லிருந்து 18. எங்களுக்கு ஆண்டுக்கு மிச்சமாகக்கூடியது, ஜிஎஸ்டி உட்பட, 76,464 ரூபாய். தளத்துக்கு நட்டம் 64,800 ரூபாய். இந்த இரண்டாவது எண்ணை நீங்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும். ஏனென்றால் எதிரில் இருப்பவர் முதலில் போடும் கணக்கு அதுதான்.

அவருடைய நட்டத்தை எப்படி ஈடுகட்டலாம்? 18 சதவீதத்தில் ஓர் இரவுக்கு அவருக்குக் கிடைப்பது 324 ரூபாய். 64,800ஐ 324ஆல் வகுத்தால் 200. அதாவது ஆண்டுக்கு 200 அறை இரவு கூடுதலாக விற்றால், குறைந்த கமிஷனிலும் தளத்தின் வருமானம் அப்படியே நிற்கும். ஆகவே மின்னஞ்சலின் சாரம் இவ்வளவுதான்: நான்கு சதவீதத்தை விட்டுக்கொடுங்கள், 200 இரவுகளுக்கு நாங்கள் வழிசெய்கிறோம்.

எந்த இரவுகள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தளத்துக்கு வேண்டியது சனிக்கிழமை இரவுகள். அன்றைக்கு ஊரில் அறை தேடுகிறவர்கள் அதிகம், தளத்திடம் காட்ட அறை குறைவு. நான் முதலில் சனிக்கிழமைதோறும் நான்கு அறை தருவதாக எழுதியிருந்தேன். ஆண்டுக்கு 208 இரவு ஆகிறதே என்று சந்தோஷப்பட்டேன். என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். சனிக்கிழமை அறைகள் எங்களுக்குத் தொலைபேசியிலேயே விற்றுவிடுகின்றன, கமிஷனே இல்லை. அவற்றைத் தளத்துக்குக் கொடுத்தால் ஓர் இரவுக்கு 324 ரூபாய் கமிஷனும் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்ந்து 382 ரூபாய் போகிறது. 208 இரவுக்கு ஏறக்குறைய 79,500 ரூபாய். கேட்டு வாங்கும் சலுகையோ 76,464. மூவாயிரம் ரூபாய் நட்டத்துக்கு ஒரு வெற்றியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே கலந்து கொடுக்க முடிவுசெய்தோம். சனிக்கிழமைகளில் இரண்டு அறை. அது ஆண்டுக்கு 104 இரவு. எல்லாமே நேரடியாக விற்றிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஆகும் செலவு 39,800 ரூபாய்க்குள்தான். மீதி 96 இரவுகள் திங்கள் முதல் வியாழன் வரை. வாரத்துக்கு இரண்டு அறைகூட இல்லை. அந்த நாள்களில் எங்களிடம் பாதி அறைகள் காலி. விற்கிற ஒவ்வொன்றும் லாபம். ஒன்பது கோயில்களையும் அவசரமில்லாமல் பார்க்க இரண்டு நாள் தேவைப்படுவதால், வாரநாளில் இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு அதிகாலை ஐந்து மணிக்கே அறை தருவதாகச் சேர்த்தோம். இரவு ரயிலில் வருகிறவர்கள் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்ப அது பெரிய உதவி. முந்தின இரவு காலியாக இருக்கும் அறைதான் என்பதால் எங்களுக்குச் செலவு ஏதுமில்லை.

விலையைக் குறைத்துத் தருவதாக மட்டும் சொல்லாதீர்கள். கமிஷன் நான்கு சதவீதம் குறைய, தள்ளுபடி ஏழு சதவீதம் கூடினால் நீங்கள் இருந்த இடத்துக்குக் கீழே போயிருப்பீர்கள். மற்றத் தளங்களில் இதைவிடக் குறைந்த விலையில் விற்கமாட்டேன் என்ற வாக்குறுதியையும் யோசிக்காமல் கொடுக்காதீர்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ வழக்கில், மற்ற முன்பதிவுத் தளங்களைப் பொறுத்து விலையிலும் அறை இருப்பிலும் சமநிலை காக்கவேண்டும் என்று விடுதிகளுக்கு விதித்த நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. அது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கான உத்தரவு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

மூன்றாவது: யாருக்கு, எப்போது

உங்கள் பகுதியைக் கவனிக்கும் மார்க்கெட் மேனேஜர் ஒருவர் இருப்பார். கமிஷனைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. மேலே அனுப்பி ஒப்புதல் வாங்கவேண்டும். நூற்றுக்கணக்கான விடுதிகளைப் பார்க்கிற அவர், உங்களுக்காக உட்கார்ந்து புதிதாக ஒரு குறிப்பு எழுதமாட்டார். ஆகவே உங்கள் மின்னஞ்சலை அவர் ஓர் எழுத்தும் மாற்றாமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட முடியவேண்டும். எழுதும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அவர் தமிழர் என்றாலும் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். அப்படியானால் கீழே உள்ளதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள்; வரிசையையும் எண்களையும் மாற்றவேண்டாம்.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். "நாளை ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன், கணக்கோடு இருக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றால் போதும். நான் நவம்பர் நடுவில் அனுப்பினேன். டிசம்பர் விடுமுறைக்கு அவர்கள் அறை திரட்டும் நேரம் அது. சனிக்கிழமை அறை என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

மின்னஞ்சல்

பொருள் வரியிலேயே விடுதி எண், கேட்கும் சதவீதம், நடைமுறைக்கு வரவேண்டிய தேதி மூன்றும் இருக்கவேண்டும். நான் அனுப்பியது இது:

> பொருள்: விடுதி எண் ……, கும்பகோணம் – ஜனவரி 1 முதல் கமிஷனை 22%லிருந்து 18%ஆக மாற்றக் கோரிக்கை, பதிலாகக் கூடுதலாக 200 அறை இரவுகள்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நேற்றுத் தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன்.
>
> கடந்த 12 மாதங்களில் தங்கள் தளம் வழியாக எங்கள் விடுதியில் 900 அறை இரவுகள் விற்றிருக்கின்றன. மொத்த மதிப்பு 16,20,000 ரூபாய். அதற்கு நாங்கள் செலுத்திய கமிஷன் 3,56,400 ரூபாய்.
>
> 2025 செப்டம்பர் 22 முதல் எங்கள் அறைகளுக்கான ஜிஎஸ்டி 5%ஆகி, உள்ளீட்டு வரி வரவு நின்றுவிட்டது. இதனால் கமிஷனுக்கான 18% வரியும் எங்கள் செலவாகிறது. இதே விற்பனைக்கு அது ஆண்டுக்கு 64,152 ரூபாய். வரி தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். ஆனால் கமிஷன் குறைந்தால் அதன்மேல் வரும் வரியும் குறையும்.
>
> ஜனவரி 1 முதல் ஓராண்டுக்குக் கமிஷனை 18%ஆக மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதனால் தங்களுக்குக் குறையும் தொகை 64,800 ரூபாய். 18%இல் கூடுதலாக 200 அறை இரவுகள் விற்றால் அது ஈடாகும். அதற்காக நாங்கள் தருவது:
>
> எல்லாச் சனிக்கிழமைகளிலும் இரண்டு அறைகள், வெள்ளிக்கிழமை மாலை 6 மணி வரை தங்கள் தளத்துக்கு மட்டும் ஒதுக்கப்படும்.
>
> திங்கள் முதல் வியாழன் வரை இரண்டு இரவு தங்குவோருக்குக் காலை 5 மணிக்கே அறை, கூடுதல் கட்டணமின்றி. இது தங்கள் தளத்தில் பதிவுசெய்வோருக்கு மட்டும்.
>
> ஆறு மாத முடிவில் கூடுதலாக 100 இரவுகள் சேரவில்லை என்றால் கமிஷனை மறுபரிசீலனை செய்ய நாங்கள் உடன்படுகிறோம்.
>
> நவம்பர் 30க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். 12 மாத மாதவாரிக் கணக்கை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன்.
>
> நன்றி.
> உரிமையாளர்

வெள்ளிக்கிழமை ஆறு மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அதற்குள் விற்காவிட்டால் அறை எங்களிடம் திரும்பி வரும். சனிக்கிழமை முழுக்க நேரில் வருகிறவர்களுக்கு விற்க நேரம் கிடைக்கும். கெடு வைக்காமல் ஒதுக்கினால் அறை காலியாகவே நின்றுபோகலாம். ஆறு மாத மறுபரிசீலனையை நாமே முன்வைத்ததும் வேண்டுமென்றுதான். மேலதிகாரி முதலில் கேட்கும் கேள்வி 'இவர்கள் சொன்னபடி நடக்காவிட்டால்?' என்பது. அதற்குப் பதில் மின்னஞ்சலிலேயே இருந்தால் மார்க்கெட் மேனேஜருக்கு வேலை எளிது.

எழுதாமல் விட்டவையும் இருக்கின்றன. பக்கத்து விடுதிக்கு 15 சதவீதம்தான் என்று கேள்விப்பட்டதை எழுதவில்லை. காகிதத்தில் காட்ட முடியாது. தளத்திலிருந்து விலகிவிடுவேன் என்று மிரட்டவில்லை. 900 இரவு எங்கள் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விலக முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். சிலர் கோபத்தில் சில நாள் அறைகளை மூடி வைத்துப் பார்க்கிறார்கள். விற்பனை நின்று தேடலில் கீழே போனால், பழைய இடத்துக்கு ஏறுவதற்குள் மாதங்கள் போய்விடும். தளத்தில் பதிவுசெய்த விருந்தினரை அழைத்து, ரத்துசெய்துவிட்டு நேரடியாக வாருங்கள் என்று சொல்வது அதைவிட மோசம். ரத்து விகிதம் ஏறுவதை அவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் சலுகை கேட்கும் நேரத்தில் அதுதான் உங்களுக்கு எதிரான முதல் சான்றாகும்.

நான்காவது: வரும் பதிலைப் படிப்பது

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் கீழ் ஒரு வரியில் நினைவூட்டுங்கள். புதிதாக எழுதவேண்டாம்; பழைய கணக்கு அதோடு சேர்ந்தே போகவேண்டும். 'கொள்கைப்படி முடியாது' என்று வந்தால், முழு ஆண்டுக்கு முடியாது என்றால் மூன்று மாதச் சோதனைக்கு முடியுமா என்று ஒரே கேள்வி கேளுங்கள். 'திட்டத்தில் சேர்ந்தால் பார்க்கலாம்' என்று வந்தால், சேர்வதற்கான கூடுதல் சதவீதத்தையும் தள்ளுபடியையும் சேர்த்து மறுபடி ஓர் இரவுக் கணக்கைப் போடுங்கள். 1,800 ரூபாயில் கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. 22 சதவீதத்தில் எங்களுக்கு மிஞ்சியது 1,332 ரூபாய். அதற்குக் கீழே போகும் எந்தத் திட்டமும் சலுகை ஆகாது.

எங்களுக்கு வந்தது நடுவழிப் பதில்: ஆறு மாதத்துக்கு 20 சதவீதம், சனிக்கிழமை இரண்டு அறையும் வேண்டும். 22லிருந்து இறங்கியதே என்று உடனே சரி சொல்லத் தோன்றியது. கணக்கு வேறு சொன்னது. 20 சதவீதத்தில் எங்களுக்கு ஆண்டுக்கு மிச்சம் 38,232 ரூபாய். இரண்டு சனிக்கிழமை அறைகளுக்கோ ஓர் இரவுக்கு 424 ரூபாய் 80 காசு வீதம் ஏறக்குறைய 44,200 ரூபாய் போகும். ஓர் அறை மட்டும் கொடுத்தால் செலவு 22,100. மிச்சம் 16,000 நிற்கிறது. வாரநாள் விற்பனை கூடினால் அது தனி வரவு. ஆகவே ஒரே வரியில் பதில் எழுதினேன்: "20 சதவீதத்துக்கு ஒரு சனிக்கிழமை அறை, 18 சதவீதத்துக்கு இரண்டு. இரண்டில் எது தங்களுக்கு வசதியோ சொல்லுங்கள்." நான்கு நாளில் முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். நாம் பெறுவது பாதியானால் கொடுப்பதும் பாதியாகவேண்டும். இதைக் கசப்பில்லாமல் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முதல் மின்னஞ்சலிலேயே இரண்டையும் எண்ணால் இணைத்திருந்ததுதான்.

கடைசியாக: எழுத்தில் வாங்குவதும் சரிபார்ப்பதும்

தொலைபேசியில் சொன்ன 'சரி'யை நம்பி அறையை ஒதுக்காதீர்கள். திருத்திய ஒப்பந்தமோ, சதவீதமும் தேதிகளும் உள்ள மின்னஞ்சலோ வந்த பிறகு ஒதுக்குங்கள். அதில் ஒரு சொல்லைக் குறிப்பாகத் தேடுங்கள்: புதிய சதவீதம் ஜனவரி 1க்குப் பிறகு *பதிவாகும்* முன்பதிவுகளுக்கா, ஜனவரி 1க்குப் பிறகு *தங்கும்* இரவுகளுக்கா? எங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. டிசம்பர் 20ஆம் தேதி பதிவாகி ஜனவரி 10ஆம் தேதி தங்கிய விருந்தினருக்கு, ஜனவரிக் கணக்கறிக்கையில் 396 ரூபாய் பிடித்திருந்தார்கள். 20 சதவீதம் என்றால் 360தான் வரவேண்டும். அப்படி 31 இரவுகள் இருந்தன. விசாரித்தபோது, பதிவான தேதிதான் கணக்கு என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதாததால் என்னால் மறுக்க முடியவில்லை. 1,116 ரூபாயும் அதற்கான வரியும் போயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் கணக்கறிக்கை வந்ததும் ஐந்து முன்பதிவுகளை எடுத்து, கமிஷனை விலையால் வகுத்துப் பார்க்கிறோம். ஜூன் 30 அன்று ஆறு மாதம் முடிகிறது. அந்தத் தேதிக்கு முன்பே, மே முதல் வாரத்தில், கூடுதலாக விற்ற இரவுகளின் எண்ணிக்கையோடு அடுத்த மின்னஞ்சலை அனுப்பவேண்டும் என்று வரவேற்பு மேசை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் ஜூலை 1 முதல் தானாகவே 22க்குத் திரும்பிவிடும்.